கை தூக்கச் சொன்ன ஐந்து நிமிடம்

"அந்தக் கை தூக்குற ஐட்டம் சூப்பர் மேடம். இந்த பேட்ச்சுக்கும் அதையே வெச்சிடுங்க."

பஸ் டிப்போ மேனேஜர் போனில் இதைச் சொன்னபோது அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. சூப்பராம்! ஏன் சூப்பராக இருக்காது? மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஐட்டத்தை நடத்தியவள் இவள். அதில் மாட்டியவன் இவள் கூடப்பிறந்த தம்பி. பலன் அனுபவித்தவர் மட்டும் இந்த மனுஷன்.

அவள் ஊர் ஊராகப் போய் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவள். நர்ஸுகள், கடை சூப்பர்வைசர்கள், லாரிக்காரர்கள் என்று பதினோரு வருஷமாக யார் யார் முன்னாலோ நின்று பேசிப் பேசித் தொண்டை தேய்ந்தவள். அன்றைக்கு டிப்போவில் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டுவது பற்றி முதல் பேட்ச்சுக்கு வகுப்பு. முதல் ஐந்து நிமிடத்தில் ஆட்களைக் கொஞ்சம் அசைத்துவிடலாம் என்று, "போன மாசத்துல ஸ்டியரிங் பிடிச்சிட்டு இருக்கும்போதே கண் சொக்கினவங்க கை தூக்குங்க" என்றாள். முப்பது டிரைவர்கள் கூரையில் ஓடிய ஃபேனைப் பார்த்தார்கள். ஒரே ஒரு கை மட்டும் மேலே போனது. கேட்டது அக்கா ஆயிற்றே, அக்கா கேட்டு யாரும் தூக்காவிட்டால் அவளுக்கு அசிங்கம் ஆகிவிடுமே என்று தூக்கிய கை. அந்த அறிவுகெட்டவள் என்ன செய்தாள் தெரியுமா? "சபாஷ்! எல்லாரும் ஒரு கைதட்டல் குடுங்க!" என்றாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மேனேஜர் கைதட்டவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாளே தம்பியின் கையிலிருந்து வண்டி போய்விட்டது. மெடிக்கல் போர்டு பார்த்து முடிவு சொல்கிற வரைக்கும் ஷெட்டில் பஸ் கழுவு என்று ஆர்டர். போர்டு எப்போது கூடும் என்று போர்டுக்கே தெரியாது. பத்து வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன் அவன். அன்றிலிருந்து அக்காவின் போனை அவன் எடுக்கவே இல்லை.

"அதையே பண்ண மாட்டேன் சார்," என்றாள் அவள்.

"ஏன் மேடம், ஜோரா ஒர்க் அவுட் ஆச்சே?"

"புதுசா ஒண்ணு வரும். நீங்க வந்து பாருங்க." பட்டென்று வைத்துவிட்டாள். பாதிக் கோபம் அவர் மேல் என்றால் மீதிப் பாதி தன் மேல். இந்தத் தொழிலில் நேற்று வந்த குட்டிக்குக்கூடத் தெரியும், ஆட்கள் உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகாதபோது, முதலாளி பின்னால் இருக்கும்போது, வேலைக்கே உலை வைக்கிற கேள்வியைப் பேர் தெரிகிற மாதிரிக் கேட்கக் கூடாது என்று. அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அன்றைக்கு வாய் முந்திக்கொண்டது.

மூன்று நாள் இதற்காகவே உட்கார்ந்தாள். பந்தைத் தூக்கிப் போட்டுப் பேர் சொல்லும் விளையாட்டா? ஐம்பது வயசு டிரைவர் பந்து பிடிக்க ஓடுவாரா, முட்டி என்ன ஆவது? பிடிச்ச மிருகம் எது என்று கேட்டால் அவர்கள் மனசுக்குள் கேட்கிற கெட்ட வார்த்தை அவள் காது வரைக்கும் வரும். அதுவும் தூக்கத்துக்கும் மிருகத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆரம்பத்தில் செய்வது அன்றைய விஷயத்துக்குள் கொண்டுபோய் விட வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கூத்து. எழுத்து வேண்டாம், கையெழுத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள். ஒரே ஒரு எண் போதும். தப்பு செய்தாயா என்று கேட்க வேண்டாம். எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்கலாம், அது எல்லோரிடமும் இருக்கிற கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் பிடித்துவைத்து ஒத்திகை பார்த்தாள். வீட்டுக்காரர் கையில் போனை வைத்துக்கொண்டு, "ஏழு நிமிஷம் இருபது செகண்டு" என்றார்.

"அஞ்சுக்குள்ள வரணும்."

"அப்போ நீ பேசுறதைக் குறை. விளக்கம் சொல்லவே ரெண்டரை நிமிஷம் எடுத்துக்கிட்ட."

சுருக்கென்று இருந்தாலும் மனுஷன் சொன்னது நிஜம். இரண்டாவதாக வைத்திருந்த கேள்வியை எடுத்துவிட்டாள். விளக்கத்தை நாலே வாக்கியமாக நறுக்கினாள். இரண்டாம் முறை நாலு நிமிடம் நாற்பது.

வகுப்பு நாள் காலையில் சீக்கிரமே போய், நாற்காலிகளைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, நீளச் சுவரில் சாக்பீஸால் இரண்டு முதல் ஒன்பது வரைக்கும் எண்களை இடைவெளி விட்டு எழுதினாள். வாசலில் நின்று, வருகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரே அளவில் வெட்டிய துண்டுச் சீட்டும், ஒரே மாதிரிக் குட்டைப் பென்சிலும் கொடுத்தாள். தாமதமாக வருகிறவனுக்கும் அதே வாசல்தான், முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. முப்பத்திரண்டு டிரைவர்கள் வந்தார்கள். கடைசியாக மேனேஜர், கக்கத்தில் அதே நோட்டோடு. அவர் முதுகு வளையாமல் நடப்பதால் டிரைவர்கள் அவருக்கு வைத்த பேர் ரூல்தடி.

"இந்தாங்க சார், சீட்டு."

"நான் சும்மா பார்க்க வந்தேன் மேடம்."

"முதல் அஞ்சு நிமிஷம் யாரும் சும்மா பார்க்க முடியாது சார். எழுதுறவங்க உள்ளே இருக்கலாம். மத்தவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வரலாம். நோட்டை மேஜை மேல வெச்சிடுங்க."

முப்பத்திரண்டு ஜோடிக் கண்கள் திரும்பின. ரூல்தடியின் காது சிவந்தது. நோட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

அவள் நாலு வாக்கியம் சொன்னாள். "கடைசியா டியூட்டிக்கு வர்றதுக்கு முன்னால எத்தனை மணி நேரம் தூங்கினீங்களோ அந்த நம்பரை மட்டும் எழுதுங்க, பேர் வேணாம். நாலா மடிச்சு இந்த வாளியில போடுங்க. குலுக்கினதும் ஆளுக்கு ஒண்ணு எடுங்க, உங்களுதே வந்தாலும் வாயைத் திறக்காதீங்க. கையில வந்த நம்பருக்கு நேரா சுவரோரமா போய் நில்லுங்க."

எழுத ஒரு நிமிடம். வாளி சுற்றி வர ஒரு நிமிடம். பிறகு ஷூக்கள் தேய்ந்தன, ஆட்கள் நகர்ந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஆறில் நாலு பேர், ஏழில் ஒருத்தர். எட்டில் டிப்போவிலேயே மூத்த டிரைவர் தனியாக நின்று சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லோரும் பெருசு என்று கூப்பிடுகிற ஆள்.

"எட்டு மணி நேரம் தூங்குற புண்ணியவான் யாருப்பா நம்ம டிப்போவில?" என்றார் பெருசு. எல்லோர் கண்ணும் ரூல்தடி மேல் போக, அறையே கொல்லென்று சிரித்தது.

மீதி இருபத்தேழு பேர் சுவரின் இந்தப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தில் பதிமூன்று, நாலில் பதினொன்று, மூன்றில் மூன்று. அந்த மூன்று பேரில் ஒருவர் ரூல்தடி.

சிரிப்பு அடங்கியது. அவர் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பின்னால் திருப்பினார். ஒற்றை எண்ணில் என்ன கண்டுபிடிக்க முடியும்?

"இது யாரோடது?" என்றார்.

எல்லோரும் கூரை ஃபேனைப் பார்த்தார்கள்.

"கேக்குறேன்ல? மூணு மணி நேரம் தூங்கிட்டு எவன் வண்டி எடுத்தது?"

"சார்," என்றார் பெருசு. "ராத்திரி பதினொண்ணுக்கு வண்டியை விட்டுட்டு விடியக்காலை நாலரைக்கு எடுக்கணும்னு சார்ட்டு போட்டது நீங்க. வீட்டுக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி. மீதி என்ன வரும்னு நீங்களே கழிச்சுப் பாருங்க. எவன்னு ஏன் கேக்குறீங்க?"

சார்ட்டில் இருந்தது ரூல்தடியின் கையெழுத்து. "சார்ட்டை... நான் பார்க்கிறேன்," என்று முனகினார்.

ஐந்து நிமிடம் முடிய இன்னும் இருபது செகண்டு இருந்தது. அவள் அடுத்ததாக, இந்தச் சுவரைப் பார்த்தா என்ன தோணுது என்று கேட்டிருக்க வேண்டும். அதுதான் திட்டம். ஆனால் மூன்று வாரமாக அடைத்துவைத்தது நெஞ்சை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"ஒருத்தன் கண் சொக்குதுன்னு உண்மையைச் சொன்னான், அவனை ஷெட்டுக்கு அனுப்பினீங்க. இந்த இருபத்தேழு பேரையும் அனுப்புங்களேன் சார்! நாளைக்கு வண்டிய யாரு, நீங்க ஓட்டுவீங்களா? அவனுக்கு வண்டியைத் திருப்பிக் குடுங்க!"

ரூல்தடி நிதானமாக மேஜைக்குப் போய் நோட்டை எடுத்துக்கொண்டார். "சார்ட்டை மாத்துறேன் மேடம். அது வேற. உங்க தம்பி விஷயம் வேற. இதுல எவனுக்கும் பேர் கிடையாது. அவன் பேரோட ஒத்துக்கிட்டான், நான் எழுதிட்டேன், ஃபைல் மேல போயிடுச்சு. இனிமே என் கையில இல்லை."

அப்படிச் சொன்ன அந்த வாயில் நாலு வைக்கலாம் போல இருந்தது. வைத்தால் மட்டும் ஃபைல் இறங்கி வருமா? பல்லைக் கடித்துக்கொண்டு மீதி வகுப்பை நடத்தினாள். டிரைவர்கள் வாய் ஓயாமல் பேசினார்கள். இப்படிப் பேசுகிற வகுப்பைப் பதினோரு வருஷத்தில் அவள் பார்த்ததில்லை. முடிந்ததும் பெருசு கும்பிட்டுவிட்டு, "நல்லா பண்ணீங்கம்மா" என்றார். அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நேரே ஷெட்டுக்குப் போனாள். தம்பி பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு, ரப்பர் குழாயால் ஒரு பஸ்ஸின் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் குழாயை மூடவில்லை.

"எல்லாரும் சொன்னாங்க," என்றான். "சீட்டு, வாளி, சுவரு. ஒருத்தன்கூட மாட்டலையாமே."

"மாட்டலை."

"சார்ட்டையும் மாத்துறானாம்."

"ம்."

"நல்ல ஐடியாக்கா." மூன்று வாரம் கழித்து அக்கா என்று கூப்பிட்டான். அவன் சக்கரத்தையே பார்த்தபடி கேட்டான், "எத்தனை நாள் யோசிச்ச இதுக்கு?"

"மூணு நாள்."

"எங்க பேட்ச்சுக்குக் கேட்டியே, கை தூக்குங்கன்னு. அதுக்கு?"

பொய் சொல்லலாம். ஒரு வாரம் என்று சொன்னால் அவன் நம்பிவிடுவான், அக்கா சொன்னால் எதையும் நம்புகிறவன்தானே. அவளால் முடியவில்லை.

"வர்ற வழியில," என்றாள். "பஸ்ல உக்காந்துட்டு வரும்போது."

தம்பி தலையை ஆட்டினான். பிறகு குழாயை இழுத்துக்கொண்டு வண்டியின் மறுபக்கம் போனான்.

"தள்ளிக்கக்கா," என்றான் அங்கிருந்து. "சேறு தெறிக்கும்."