பன்னிரண்டாவது வரி

பன்னிரண்டாவது வரியை அவள் வேண்டுமென்றே அழித்தாள்.

மருந்துப் பாட்டில்களுக்கு லேபிள் அச்சடிக்கும் கம்பெனி. ஆறு வருடமாகப் பெரிய வாடிக்கையாளர்களைக் கட்டி மேய்த்தவள் அவள். கணவனுக்கு வேறு ஊரில் வேலை. மாதக் கடைசியோடு கிளம்புகிறாள். அவள் இடத்துக்கு வந்தவளுக்கு ஆபீஸ் முழுக்க ஒரே பெயர்: துறுதுறு. வந்து நாலு நாள்தான். அதற்குள் மேனேஜர் அவள் ஜோக்குக்கு வயிறு குலுங்கச் சிரிக்கிறார். ஆறு வருடத்தில் தன் ஜோக்குக்கு அந்த மனுஷன் பல்லைக்கூடக் காட்டியதில்லையே!

ஒவ்வொரு வாடிக்கையாளரைப் பற்றியும் குறிப்பு எழுதித் துறுதுறுவிடம் ஒப்படைக்க வேண்டும். எரிமலைக்கு மட்டும் இருபது வரி. எரிமலை என்பது மருந்துக் கம்பெனி முதலாளிக்கு ஆபீஸில் வைத்த செல்லப் பெயர். பன்னிரண்டாவது வரி: 'மாதிரி லேபிளைத் தாளில் அச்சடித்துத்தான் காட்ட வேண்டும். திரையில் காட்டினால் கெட்டது குடி.'

அதைத்தான் அழித்தாள். துறுதுறு ஒரு தடவை தடுக்கி விழட்டும். அப்போது தெரியும் எல்லாருக்கும் தன் அருமை.

பிறகு முறைப்படி எரிமலைக்குப் போன் போட்டாள். பெரிய வாடிக்கையாளருக்கு மெயில் போகும் முன்னால், வேலையை விட்டுப் போகிறவர் வாயாலேயே சேதி போக வேண்டும் என்பது மேனேஜர் கட்டளை.

"சார், மெயில்ல பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு நானே கூப்பிட்டேன். மாசக் கடைசியோட நான் கிளம்பறேன்."

"அப்போ என் லேபிளை யாரும்மா பார்ப்பா?"

அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

"புதுசா ஒருத்தங்க. வியாழக்கிழமை நானே கூட்டிட்டு வரேன். விலை, டெலிவரி தேதி, எதுவும் மாறாது. கடைசி நாள் வரைக்கும் நானும் கூடவே இருப்பேன்."

போனை வைத்ததும் தன் பெயரும் துறுதுறு பெயரும் போட்ட மெயில் அவருக்குப் பறந்தது.

"மூணு வாரத்துல அவர் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்," என்றார் மேனேஜர். "அந்த ஆள் முறுக்கிக்கிட்டா நம்ம மெஷின்ல பாதி தூங்கும்."

அழித்த வரியைத் திரும்பச் சேர்த்துவிடலாமா என்று யோசித்தாள். ஆனாலும் சேர்க்காமலே குறிப்பைத் துறுதுறுவிடம் கொடுத்தாள்.

வியாழக்கிழமை.

எரிமலையின் அறையில் அவள் முதலில் பேசி, துறுதுறுவை அறிமுகப்படுத்தினாள். இருமல் மருந்துக்குப் புது லேபிள் தயாராக இருந்தது. துறுதுறு உற்சாகமாக டேப்லட்டை எடுத்து நீட்டினாள்.

எரிமலையின் மூக்கு நுனி சிவந்தது.

"என்னம்மா இது, சினிமாவா? திரையில பார்த்து ஒரு தடவை சிவப்புன்னு ஓகே பண்ணேன். பாட்டில்ல வந்தது செங்கல் கலர்!"

வந்தது! அவள் காத்திருந்த கணம். எரிமலை திரும்பி, 'நீ போகாதேம்மா' என்று சொல்லப் போகிறார்...

திரும்பினார். பார்வை சுட்டது.

"ஆறு வருஷம் என் கூட இருந்தே. இதைக்கூட இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கலையா? ஒப்படைக்கிற லட்சணம் இதானா? அப்போ நான் வேற அச்சாபீஸ் பார்த்துக்கறேன்!"

அவள் டேப்லட்டை வாங்கி மடியில் கவிழ்த்தாள்.

"ஐயோ சார், அக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க," துறுதுறு குறுக்கே புகுந்தாள். "நான்தான் ஆர்வக்கோளாறுல மறந்துட்டேன். நாளைக்குக் காலையில தாள்ல உங்க மேஜைக்கு வரும். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

எரிமலை முறைத்தார். பிறகு, ஆச்சரியம், சிரித்தார்.

"தப்பை ஒத்துக்கிற வாய். பிழைச்சுப்பே. உன் நம்பரைக் குடு."

காப்பாற்றியதே அந்தக் குட்டிதான் என்பது கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

லிஃப்டில் துறுதுறு மெதுவாகக் கேட்டாள். "அக்கா, குறிப்புல பதினொண்ணுக்கு அப்புறம் பதிமூணு வருது. ஏதோ டைப்பிங் தப்புன்னு விட்டுட்டேன். அது டைப்பிங் தப்பு இல்லதானே?"

வரியை அழித்தவள் எண்களைத் திருத்த மறந்திருந்தாள்.

"இல்ல." அவள் ஒத்துக்கொண்டாள். "எதுக்கு எனக்காகப் பொய் சொன்னே?"

"அங்க உங்க மானம் போனா கான்ட்ராக்டும் போயிருக்கும். இருங்க, உங்க மேல கோவம் இல்லாம இல்ல. கார்ல வெச்சுக்கறேன்."

லிஃப்ட் கதவு திறந்தது. போன் அடித்தது. அவள் கை அனிச்சையாகக் கைப்பைக்குள் பாய்ந்தது. அடித்தது துறுதுறுவின் போன்.

திரையில் எரிமலையின் எண். ஆறு வருடமாகத் தன் போனில் மட்டுமே அடித்த எண். வயிறு எரிந்தது. அப்படியே எரியட்டும் என்று துறுதுறுவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சத்தமா, நிறுத்தி நிறுத்திப் பேசு. அவருக்கு இடது காது சரியாக் கேக்காது. அந்தக் காதுலதான் போனை வைப்பார். வெளியில யாருக்கும் தெரியாது. நான் குறிப்புல எழுதவே இல்ல."

துறுதுறு ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தினாள்.

"சொல்லுங்க சார்!"

லிஃப்ட் வாசலே அதிர்ந்தது. அவள் இரண்டடி தள்ளி நின்று, தனக்கு வராத அழைப்பை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.