ஒரு வரி குறைந்த பட்டியல்

தொழிற்சாலையின் ரெக்கார்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மூன்றாவது முறையாக அலமாரியைக் குடைந்தாள். எதிரே, கல் அரைக்கும் பிரிவில் இருபது வருடம் மாரடித்தவர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

"நுரையீரல்ல தூசி படிஞ்சிருக்காம். இங்கதான் வந்துச்சுன்னு காட்ட, வருஷா வருஷம் எடுத்த நெஞ்சுப் பரிசோதனை ரிப்போர்ட் கேக்கறாங்கம்மா."

எதை எத்தனை வருடம் வைத்திருந்து அழிப்பது என்ற பட்டியலை எழுதியவளே அவள்தான். வாடிக்கையாளர் புகார் மூன்று, பில்கள் எட்டு, ஊழியர் கோப்பு வேலையை விட்ட நாளிலிருந்து ஏழு. ஒரே தாளில் அடக்கிவிட்டாளே என்று மேனேஜர் மெச்சினார். தூசி வியாதி பல வருடம் கழித்துத்தான் தலைகாட்டும், அந்த ரிப்போர்ட்டுக்கு நாற்பது வருடம் என்று தனி வரி வேண்டும் என்பது பாழாய்ப்போன மூளைக்கு அன்று எட்டவில்லை. ரிப்போர்ட்டும் கோப்போடு கோப்பாக ஏழிலேயே போய்விட்டது.

இவர் வேலையை விட்டு எட்டு வருடம்.

அழித்தவற்றின் பதிவேட்டைப் புரட்டினாள். அதை மட்டும் என்றைக்கும் அழிக்கக்கூடாது என்றும் அவள்தான் எழுதியிருந்தாள். இவர் பெயர் இருந்தது. கல் அரைக்கும் பிரிவு, நெஞ்சுப் பரிசோதனை, இருபது தாள், கிழிக்கப்பட்டது.

"இருக்காம்மா?"

"நீங்க இங்க வேலை பாத்ததுக்கு அத்தாட்சி இருக்குண்ணே. நெஞ்சுல என்ன இருந்துச்சுங்கறதுதான் இல்ல."

"எந்தப் பாவிம்மா கிழிச்சது?"

அக்கா பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, கடைசியில் இருந்த தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.