தள்ளினதும் தூக்கினதும்

என் ஜிம்முல அக்காவுக்கு ஒரு கீறல்கூட விழல. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா ரெண்டு வாரமா எனக்கு நானே சொல்லிக்கிற சமாதானம் இது ஒண்ணுதான். விழுந்தது வீட்டுல. அடிபட்டது அவளுக்கு இல்ல, அவ பொண்ணுக்கு.

நான் ஜிம்முல பயிற்சி கொடுக்கறவன், பத்து வருஷமா அதுதான் சோறு போடுது. அக்கா பொண்ணுக்குப் பதினாறு வயசு. பிறந்ததுலேர்ந்து கால் ரெண்டும் வராது, வாய் மட்டும் ஊருக்கே போதும். சின்னவளா இருந்தவரைக்கும் அக்கா இடுப்புல வெச்சே சமாளிச்சுட்டா. இப்ப பொண்ணு நாற்பது கிலோ. அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டறவர், கிளம்பினா திரும்ப நாலு நாள் ஆகும். சக்கர நாற்காலிலேர்ந்து கட்டிலுக்கு மாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிடணும். கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்காவுக்கே கூச்சமாப் போச்சு. என் பொண்ணை நானே தூக்கணும், அதுக்கு என்ன செய்யணுமோ செய்டான்னு மூணு மாசம் முன்னாடி வந்து நின்னா.

என்ன செய்யணும்னு எனக்கு நல்லாவே தெரியும். ஒரு டம்பெல்லை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உட்கார்ந்து எழுந்திரிக்கப் பழக்கணும். முதுகு வளையாம இடுப்பை மடிச்சு, கீழே கிடக்கறதை எடுக்கப் பழக்கணும். எட்டு கிலோவுல ஆரம்பிச்சா போதும். ஆனா புதுசா வர்றவங்க அதுல ஆடுவாங்க, முட்டி உள்பக்கம் போகும், முதுகு வளையும். பக்கத்துலயே நின்னு திருத்தணும். சாயங்காலம் ஆறு மணிக்கு என்னைச் சுத்தி முப்பது பேர். நான் யார் பக்கத்துல நிக்கறது?

அதனால அவளை லெக் பிரஸ்ல உட்கார வெச்சேன். சாய்ஞ்சுக்கிட்டு ரெண்டு காலாலயும் பலகையைத் தள்ளற மெஷின். முதுகுக்கு மெத்தை இருக்கு. பலகை தண்டவாளத்துல போற மாதிரி ஒரே வழியில போகும், பக்கவாட்டுல சாயாது. முடியலன்னா நிறுத்தற கொக்கி தாங்கிக்கும். புதுசா வர்றவங்களுக்கு இதுதான் பாதுகாப்புன்னு சொன்னேன். அது பொய் இல்ல. காலுக்கு நிஜமாவே பலம் ஏறும். ஆனா என் காரணம் வேற. வெயிட்டைப் போட்டுட்டு நான் அந்தப் பக்கம் போயிடலாம்.

இருபது, நாற்பது, அறுபதுன்னு ஏறினா. எண்பது தள்ளின அன்னிக்கு எனக்குப் பெருமை தாங்கல. ஜிம்முல எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான், எவ்வளவு தூக்கறேன்னுதான் கேப்பாங்க. தள்ளினாலும் தூக்கறதுதான், இழுத்தாலும் தூக்கறதுதான். அந்த வாய்ப்பழக்கத்துல அங்கேயே நின்னு பொண்ணுக்கு ஃபோன் போட்டேன். உங்கம்மா எண்பது கிலோ தூக்கறாடி, உன்னை மாதிரி ரெண்டு பேரைத் தூக்குவான்னேன். அவ சிரிச்ச சிரிப்புல எனக்குக் காது அடைச்சுப்போச்சு.

மறுநாள் அக்கா பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிடல.

தூக்கினா. தூக்கவும் முடிஞ்சுது, அதுதான் கொடுமை. ஆனா பொண்ணு உடம்பு மெஷின் பலகை இல்லையே, ஒரு பக்கமா சரிஞ்சுது. கட்டில் பக்கம் திரும்பும்போது மொத்த எடையும் அக்காவோட ஒரே கால்ல இறங்கிச்சு. அந்த ஆட்டத்தைப் பிடிச்சு நிறுத்த அவ முதுகையும் இடுப்பையும் நான் ஒருநாளும் பழக்கல. ரெண்டு பேரும் கட்டில் ஓரத்துல விழுந்தாங்க. பொண்ணுக்கு வலது மணிக்கட்டு உடைஞ்சுது.

எவ்வளவு பலம் இருந்தாலும் தனியாத் தூக்காதீங்க, ரெண்டு பேர் வேணும், இல்லன்னா நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவுல பலகை போட்டு நகர்த்துங்கன்னு ஆஸ்பத்திரில பிசியோதெரபி அம்மா சொன்னாங்க. அதைக்கூட நான் கேட்டுச் சொல்லியிருக்கலாம். அக்கா எல்லாத்துக்கும் தலையாட்டினா. அப்புறம் என்னைக் காட்டி, "என் தம்பி பழக்கினதாலதான் இவ்வளவாவது தாங்கிப் பிடிச்சேன், இல்லன்னா தலையில பட்டிருக்கும்"னா. எனக்கு எங்கயாவது போய் முகத்தை மறைச்சுக்கணும் போல இருந்துது.

ரெண்டு வாரம் மென்னு முழுங்கினேன். நேத்து மத்தியானம் போய்ச் சொல்லிட்டேன்.

"அக்கா, மூணு மாசமா நீ தள்ளத்தான் செஞ்ச. ஒருநாளும் தூக்கல. எட்டு கிலோ டம்பெல்லை வெச்சுத் தூக்கப் பழக்கியிருக்கணும். பக்கத்துல நிக்கச் சோம்பல்பட்டு உன்னை அதுல உட்கார வெச்சுட்டேன்."

அக்கா துணி மடிச்சுக்கிட்டே இருந்தா. திட்டுவான்னு பார்த்தேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். நாளைக்கு அந்த எட்டு கிலோவை எடுத்து வை, இந்தத் தடவை பக்கத்துல நில்லுன்னு மட்டும் சொன்னா.

அப்ப பொண்ணைக் கட்டிலுக்கு மாத்தற நேரம். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் குனிஞ்சோம். பொண்ணுக்கு வலது கையில மாவுக்கட்டு. இடது கையால நாற்காலியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா, விடல.

"கையை விடும்மா, மாமா பிடிச்சிருக்கேன்"னேன்.

அவ என்னைப் பார்க்கல. நாற்காலியைப் பார்த்துக்கிட்டே, "நீதானே மாமா சொன்ன, அம்மா என்னைத் தூக்கிடுவான்னு"ன்னா.