விரலுக்கு அடியில் ஒரு நடுக்கம்

கணக்கு டீச்சருக்கு யாரையும் எளிதில் நம்பும் பழக்கம் கிடையாது. எடை போடுபவரின் தராசையும் பார்ப்பாள், அவர் கையையும் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் கீல் உடைந்த லேப்டாப்பைச் சார்ஜரோடு முனைக் கடைக்காரியிடம் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்ததே பெரிய விஷயம்.

லேப்டாப் திரும்பி வந்து இரண்டாம் நாள். வீட்டுக் கூடத்தில் வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அலுமினிய மூடியை மணிக்கட்டு லேசாக உரசியது. சுர்ரென்று ஒரு நடுக்கம், சின்னப் பூச்சி ஓடினதுபோல. கையை எடுத்தாள். மறுபடி விரல் முதுகால் தடவினாள். இருந்தது. சார்ஜரைப் பிடுங்கினாள். இல்லை.

மறுபடி மாட்டிவிட்டு, "கொஞ்சம் இங்க வந்து தொட்டுப் பாருங்க" என்று கணவனைக் கூப்பிட்டாள். அவன் ரப்பர் செருப்போடு வந்து, உள்ளங்கையை மூடிமேல் அழுத்தி வைத்தான்.

"ஒண்ணும் இல்லையே. உனக்குத்தான் எப்பவும் எதாவது தோணும்."

அவன் சொன்னவிதமே சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. டெஸ்டரை எடுத்து மூடியில் வைத்தாள். உள்ளே மங்கலாகச் சிவந்தது. அவ்வளவுதான், சந்தேகம் முடிவாகிவிட்டது. கடைக்காரி நல்ல சார்ஜரை எடுத்துக்கொண்டு போலியை மாட்டியிருக்கிறாள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் உடனே எழுதினாள்: 'முனைக் கடையில் லேப்டாப் கொடுக்காதீர்கள். பொருளை மாற்றுகிறார்கள். எனக்கு ஷாக் அடிக்கிறது.'

மறுநாள் காலை லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். கடைக்காரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஏதோ போர்டில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"குரூப்ல போட்டது நீங்கதானே? காலைலயே ஒருத்தர் வந்து தன் மெஷினத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாரு."

டீச்சர் அசரவில்லை. "என் சார்ஜர் எங்க?"

கடைக்காரி சார்ஜரை வாங்கி அதில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்தாள். பொருளை வாங்கியபோது எடுத்த படத்தைப் போனில் காட்டினாள். அதே எண். ஆனால் படத்தில் சார்ஜரின் முனையில் நீளமான மூணு பின் வயர் மாட்டியிருந்தது. டீச்சர் கையில் இருந்ததிலோ குட்டையான ரெண்டு பின் தலை.

"தலைய யாரு மாத்தினது?" என்றாள் கடைக்காரி.

"நீங்கதான் சொல்லணும்."

கடைக்காரி மீட்டரை எடுத்தாள். சார்ஜரை லேப்டாப்பில் மாட்டி, மீட்டரின் ஒரு முனையை யூஎஸ்பி துளையின் உலோக விளிம்பிலும் இன்னொன்றை மேசையின் எர்த் கம்பியிலும் வைத்தாள். தொண்ணூற்று நாலு வோல்ட்.

டீச்சர் ஒரு அடி பின்வாங்கினாள். "இதத்தான் நான் தொட்டுட்டு இருந்தேனா?"

"இருங்க. வோல்ட்ட வெச்சு பயப்படக்கூடாது, எவ்வளவு கரண்ட் ஓடுதுன்னு பாக்கணும்." மீட்டரின் குமிழைத் திருப்பி வைத்து அளந்தாள். ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. "உள்ள கரண்ட் வர்ற பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவுல ஒரு குட்டி கெப்பாசிட்டர் இருக்கும். இரைச்சல அடக்க வெச்சது. அது வழியா துளியூண்டு கசியும். மூணு பின்னுன்னா எர்த்துக்குள்ள போயிடும். ரெண்டு பின்னுன்னா போக வழியில்ல, மூடியிலயே நிக்கும். வெறுங்காலோட நீங்க தொட்டா உங்க வழியா இறங்கும். செருப்பு போட்டு அழுத்திப் பிடிச்சா தெரியாது."

"உடம்புக்கு?"

"நல்ல சார்ஜர்ல ஒண்ணும் ஆகாது. எரிச்சல்தான். ஆனா சுள்ளுன்னு கடிச்சா, வயர் கிழிஞ்சிருந்தா, மலிவான போலின்னா உடனே பிடுங்கிடணும். அதுல உள்ள காப்பு எப்படியிருக்குன்னு யாருக்குத் தெரியும்."

பிறகு தன்னிடமிருந்த மூணு பின் வயரை மாட்டி அளந்தாள். வோல்ட் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. டீச்சர் தானே விரலால் தடவிப் பார்த்தாள். வழவழப்புதான் இருந்தது.

அங்கேயே கணவனுக்குப் போன் போட்டாள்.

"வயர் காலைத் தட்டுதுன்னு நீதான சொன்ன. அதான் டப்பால இருந்த குட்டைத் தலையை மாட்டினேன்" என்றான் அவன். "நீ கேக்கவே இல்லையே."

டீச்சருக்கு முகம் சுட்டது. கடைக்காரியைப் பார்க்காமல், அங்கேயே நின்று குழுவில் எழுதினாள்: கடைமேல் தப்பில்லை, வயரை மாற்றியது எங்கள் வீட்டில், நான் அவசரப்பட்டுவிட்டேன்.

கடைக்காரி படித்துவிட்டு, "சரி" என்றாள்.

கடைவாசலைத் தாண்டுவதற்குள் போன் நடுங்கியது. மூன்றாம் மாடி அக்காவின் பதில்: 'நேத்து ஷாக்குன்னீங்க, இன்னைக்கு தப்பில்லைங்கறீங்க. கடையில உங்களுக்கு என்ன குடுத்தாங்க?'

டீச்சர் அதை நான்கு முறை படித்தாள். பிறகு எழுதினாள்: 'லேப்டாப்பையும் அந்த ரெண்டு பின் தலையையும் எடுத்துட்டு மாடிக்கு வரேன் அக்கா. செருப்பைக் கழட்டிட்டு இருங்க. காட்டறேன்.'