இரண்டாம் இலக்கத்தின் முகம்

ஏறாவூர் அச்சகத்துக்கு ஆசிரியர்களின் அடையாள அட்டை வேலை வந்திருந்தது. படக் கோப்புகளுக்கு அவரவர் வரவுப் பதிவேட்டு இலக்கமே பெயர். அச்சகத்தில் வேலைபார்க்கும் நிஸ்றா இலக்கம் பார்த்து, படங்களைப் பெயர் அட்டவணையோடு பொருத்திக்கொண்டிருக்க, வேலையைக் கொண்டுவந்த உப அதிபர் மஜீட் பொறுமையிழந்தார்.

"ரெண்டும் வரிசையாத்தானே கிடக்கு, புள்ள? பேருக்குப் பக்கத்துல படத்துட பேர அப்படியே ஒட்டு."

"கம்ப்யூட்டர் முதல் எழுத்தப் பார்த்து ஒண்டுக்குப் பிறகு பத்தாம் நம்பரப் போட்டிருக்கு, சேர். ரெண்டு பிந்தித்தான் வரும்."

"எனக்குப் படிப்பிக்காத!"

நிஸ்றா சொன்னபடியே ஒட்டி, அட்டவணையின் இரண்டாம் வரியை, மஜீட்டின் இலக்கத்தையே, மாதிரிக்கு அச்சடித்து நீட்டினாள். 'மஜீட், உப அதிபர்' என்ற பெயருக்கு மேலே பத்தாம் இலக்க நஸீபா ரீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மஜீட் அதைச் சட்டைப்பைக்குள் ஒளித்தார். "நம்பரப் பார்த்தே பொருத்து."

இலக்கம் பார்த்துப் பொருத்தி அச்சடித்த அட்டையில் அவருடைய படமே முறைத்தது.

"இப்ப சரி, சேர்," என்றாள் நிஸ்றா. "ஆனா மற்றதுலதான் உங்கட பேருக்குச் சிரிச்ச முகம்."