ஆறாவது குறிப்பு

சல்லடை சிரித்தால் யாரோ ஒருவருக்கு வேலை கைநழுவுகிறது என்று அர்த்தம். அன்று காலை அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அது ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகம். நிறுவனங்கள் காலியிடத்தைச் சொல்லும், விண்ணப்பங்கள் மெயிலில் கொட்டும், சல்லடை சலித்து ஐந்து பேரை அனுப்புவார். பெயர் அப்படி வந்ததுதான். எதிர் மேசையில் இருப்பவளுக்குக் கலர் என்று பெயர். அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கத்துக்குப் படம் செய்து போடுவது அவள் வேலை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் கலரைப் பற்றித்தான் முதலில் பேசுவாள்.

"ஏய் கலரு, இங்க வா. ஊர் ஊரா நூலகத்துல திருட்டுப் போயிருக்கு, தெரியுமா உனக்கு?"

"என்னண்ணே?"

"இந்தக் கிடங்கு வேலைக்கு வந்த ரெஸ்யூமைப் பாரு. இவன் கல்லூரி நூலகத்துல தொலைஞ்ச இருநூத்திப் பன்னெண்டு புத்தகத்தைக் கண்டுபிடிச்சிருக்கான். சரி, கெட்டிக்காரன். அடுத்தவளைப் பாரு, வேற கல்லூரி, அங்கயும் இருநூத்திப் பன்னெண்டு. இவன் படிச்சது சமையல் கலை, அங்கயும் அதே இருநூத்திப் பன்னெண்டு. மொத்தம் பதினாலு பேரு. எண்ணி வெச்சாப்புல தொலைச்சிருக்கானுங்க."

கலருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. அந்த வரியை அவளுக்குத் தெரியும். அதை ஊருக்குக் கொடுத்ததே அவள்தான்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் ஒரு கரோசல் செய்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படவரிசை. முகப்பில் 'முதல் வேலையா? ரெஸ்யூமுக்கு எட்டுக் குறிப்புகள்' என்று பெரிய எழுத்து. பிறகு ஒரு ஸ்லைடுக்கு ஒரு குறிப்பு. ஒரே பக்கத்தில் முடியுங்கள். கோப்புக்கு உங்கள் பெயரை வையுங்கள், 'ரெஸ்யூம் ஃபைனல் ஃபைனல் 3' வேண்டாம். விளையாட்டுப் பிள்ளையாக இருந்தபோது தொடங்கிய மெயில் முகவரியை விடுங்கள். விளம்பரத்தில் கேட்ட திறமை உங்களிடம் இருந்தால் அதே சொல்லில் எழுதுங்கள். இப்படி. கடைசியில் 'சேமித்து வையுங்கள், நண்பருக்கு அனுப்புங்கள்.'

ஆறாவது குறிப்பு: 'செய்ததைச் சொல்லுங்கள், எண்ணோடு சொல்லுங்கள்.' அதற்குக் கீழே இரண்டு பெட்டி. சிவப்பில் தவறு: 'நூலகத்தில் உதவியாக இருந்தேன்.' பச்சையில் சரி: 'நூலகத்தில் தொலைந்ததாகக் கணக்கில் இருந்த 212 புத்தகங்களைக் கண்டுபிடித்தேன்.' அந்தக் கரோசலில் அதிகம் பேர் படம் பிடித்துப் பரப்பியது இந்த ஸ்லைடைத்தான். பட்டம் வாங்கி வெளியே வரும் காலம் வந்ததும் அது மறுபடி சுற்ற ஆரம்பித்திருந்தது.

"பதினாலு பேரையும் குப்பையில போட்டாச்சு," என்றார் சல்லடை. "எனக்கு வேலை மிச்சம். உன் ஸ்லைடு செஞ்ச புண்ணியம்."

"அண்ணே, அதுல ஒருத்தர் உண்மையாவே செஞ்சவங்க."

"எப்படிச் சொல்ற?"

கலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த வரியை நான் கற்பனை பண்ணல. போன வருஷம் வேற ஏதோ வேலைக்கு வந்த ஒரு ரெஸ்யூம்ல இருந்து எடுத்தேன். பேரை எடுத்துட்டா போதும்னு நினைச்சேன். எண்ணைக் கூட மாத்தல."

சல்லடை அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருக்கு. ஊரான் வீட்டு நெய்யில நீ விளக்கேத்தியிருக்க. யாரோடது?"

"ஞாபகம் இல்லண்ணே."

மெயிலில் தேட வழியில்லை. ஆறு மாதம் தாண்டிய விண்ணப்பங்களை அழித்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. அந்த விதியைப் பக்கத்தில் பெருமையாகப் பதிவு போட்டவளும் கலர்தான்.

"சாயங்காலம் அஞ்சு பேர் பட்டியல் போகணும்," என்றார் அவர். "பதினாலு திருடன்ல ஒரு நல்லவனைத் தேட எனக்கு நேரம் இல்லம்மா."

"நான் தேடுறேன். எல்லாருக்கும் போன் போட்டு ஒரே கேள்வி கேக்குறேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு."

சல்லடை காகிதக் கட்டை அவள் பக்கம் தள்ளினார். அவருக்கும் உள்ளுக்குள் ஆவல்தான். காட்டிக்கொள்ள மாட்டார்.

முதல் ஆள் சொன்னது: "டீம் ஒர்க்தான் மேடம். நேர மேலாண்மை."

"சரி தம்பி, புத்தகம் எங்க இருந்துச்சு?"

"நூலகத்துலதான் மேடம்."

சல்லடை வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்தவள், "ஒவ்வொண்ணா எண்ணினேன்," என்றாள். எண்ணினால் இருப்பதுதானே தெரியும், தொலைந்தது எப்படிக் கிடைத்தது என்று கேட்டதும் இணைப்பு அறுந்தது. திரும்ப எடுக்கவில்லை. ஒருவன், கணினியில் மென்பொருள் போட்டேன் என்றான். என்ன மென்பொருள் என்றால், அது அண்ணன் போட்டது என்றான். கேட்கக் கேட்கக் கலருக்குக் கோபம் குறைந்து வேடிக்கை கூடியது. இத்தனை பேர் ஒரு புத்தகத்தைக்கூடத் தேடாமல் இருநூற்றுப் பன்னிரண்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒரே ஒருவன்தான் நேராகப் பேசினான். "அக்கா, உண்மையைச் சொல்லிடட்டுமா? அது உங்க பக்கத்துல இருந்ததுதான். சரின்னு பச்சையில போட்டிருந்தீங்களே. எங்க நூலகம் எப்பவும் பூட்டித்தான் கிடக்கும்."

"அது மாதிரிக்குப் போட்டது தம்பி. நீ செஞ்சதைத்தான் எழுதணும்."

"எழுதுற மாதிரி நான் எதுவும் செய்யலையேக்கா," என்றான். சொன்ன விதத்தில் அழுகை இல்லை. கடையில் சரக்கு இல்லை என்பதுபோலச் சொன்னான்.

பதினான்கும் முடிந்தது. ஒருவரும் இல்லை.

"பார்த்தியா?" என்றார் சல்லடை. "அந்த ஆளு இதுக்கு விண்ணப்பமே போட்டிருக்க மாட்டாங்க. எங்கயாவது நல்ல வேலையில உக்காந்திருப்பாங்க. போய் உன் கலரைப் பாரு."

அப்படி இருந்தால் நல்லதுதான். ஆனால் அவளுக்கு வேறொன்று உறுத்தியது. சொந்த வரியை ஊரெல்லாம் எழுதுவதைப் பார்த்த ஆள் என்ன செய்திருப்பார்? கலர் தன் மேசைக்குப் போய் அந்தப் பதிவைத் திறந்தாள். கருத்துகளை அடிவரைக்கும் தள்ளினாள். 'நன்றி', 'அருமை', 'எனக்கு ஒரு வேலை வாங்கித் தாங்க', யாரோ கடன் தருகிறேன் என்று விளம்பரம். முதல் வாரத்தில் போட்ட ஒரு வரியில் விரல் நின்றது.

'மூணு மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கல.'

ஒருவரும் அதைச் சீண்டவில்லை. சீண்டியது கலர் மட்டும். கீழே அவளே இரண்டு கைகூப்பும் பொம்மையைப் போட்டிருந்தாள். எல்லாக் கருத்துக்கும் போடுவது அது. என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருக்கவில்லை.

அந்தக் கணக்குக்குச் செய்தி அனுப்பினாள், தன் எண்ணையும் கொடுத்தாள். உணவு இடைவேளை முடிவதற்குள் போன் வந்தது. பெண் குரல்.

"ஏழு மாசம் கழிச்சுக் கேக்குறீங்க," என்றாள் அந்தப் பெண்.

"அது உங்க வரிதானே?"

"ஆமா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும். தப்புதான். நீங்க இந்தக் கிடங்கு வேலைக்கு விண்ணப்பம் போடலையா?"

"போட்டேனே. முந்தா நாள்."

கலர் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சல்லடையின் மேசைக்கு ஓடினாள். "பேரைச் சொல்லுங்க," என்றாள். சொன்ன பெயரைச் சல்லடை தேடினார். நிராகரித்த குவியலில் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு புத்தக வரி அதில் இல்லை. இருந்தது இதுதான்: 'நூலகத்தில் உதவியாக இருந்தேன்.'

கலரின் சிவப்புப் பெட்டி வரி, எழுத்துக்கு எழுத்து.

"ஏம்மா இப்படி எழுதினீங்க?" என்று சல்லடையே கேட்டார். "இதைப் பார்த்ததும் தள்ளிட்டேன்."

"வேற எப்படி சார் எழுதறது? போன மாசம் ஒரு நேர்காணல்ல இருநூத்திப் பன்னெண்டுன்னு பார்த்ததும் சிரிச்சுட்டாங்க. நீங்களும் அந்த ஸ்லைடைப் பார்த்தீங்களான்னு கேட்டாங்க. என்னோடதுன்னு சொன்னா நம்பல. அதான் எடுத்துட்டேன். அதை விட்டா என்கிட்ட வேற எதுவும் இல்ல."

சல்லடை பேனாவை மூடினார், திறந்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"என்ன சார்?"

"புத்தகத்தை. எங்க இருந்துச்சு?"

அந்தப் பக்கம் பேச்சு வேகமெடுத்தது. "திருடு போச்சுன்னுதான் சார் எல்லாரும் சொன்னாங்க. நான் பட்டியலைப் பார்த்தேன். தொலைஞ்சதெல்லாம் பாடப்புத்தகம், கதைப்புத்தகம் ஒண்ணு கூட இல்ல. திருடறவன் பாடப்புத்தகத்தை ஏன் திருடப்போறான்? தேர்வு வந்தா ஒருத்தருக்கு ஒருத்தர் கிடைக்கக் கூடாதுன்னு ஒளிச்சு வெப்பாங்க. நானே வெச்சிருக்கேன். தேர்வு முடிஞ்சா மறந்துடுவோம். அதனால யாரும் போகாத அலமாரி எதுன்னு பார்த்தேன். மண்ணியல் துறையை எப்பவோ மூடிட்டாங்க, அலமாரி மட்டும் இருந்துச்சு. பாதி அங்க இருந்துச்சு. பழைய நாளிதழ்க் கட்டுக்குப் பின்னால மீதி."

"அந்த மூணு?" என்றாள் கலர். அவளால் அடக்க முடியவில்லை.

"அது நிஜமாவே திருடு."

சல்லடை சிரித்தார். இந்த முறை யாருக்கும் வேலை போகவில்லை. "கிடங்குல பொருள் தொலையறதும் இதே மாதிரிதான்," என்றார். "முக்கால்வாசி தொலையறதில்ல, தப்பான தட்டுல உக்காந்திருக்கும். நீங்க சொன்னதை அப்படியே மூணு வரியா எழுதி அனுப்புங்க. எண்ணை மட்டும் எழுதாதீங்க, அந்த மண்ணியல் அலமாரியை எழுதுங்க. உங்க நூலகர் போன் எண்ணும் வேணும், விசாரிப்பேன். பட்டியல்ல சேர்க்கறேன். எடுக்கறதும் விடறதும் அவங்க கையில."

"சரி சார்." பிறகு அந்தப் பெண் சொன்னாள், "அந்த ஸ்லைடை எடுத்துடுங்க."

"எடுத்துடறேன்," என்றாள் கலர்.

மேலாளரம்மா சம்மதிக்கவில்லை. நமக்கு இவ்வளவு பார்வை கொண்டுவந்ததே அந்த ஒன்றுதான் என்றார். கலர் பதினான்கு ரெஸ்யூமையும் அவர் முன்னால் வரிசையாகப் பரப்பினாள். வாடிக்கையாளர் கண்ணில் இது பட்டால் சலிக்கத் தெரியாத அலுவலகம் என்பார்கள் என்று சல்லடையும் ஒத்து ஊதினார். மேலாளரம்மா ஏழாவது ரெஸ்யூமிலேயே, போதும், எடுத்துவிடு என்று கையைக் காட்டிவிட்டார்.

போட்ட பிறகு கரோசலில் ஒரு ஸ்லைடை நீக்கலாம். அதன் இடத்தில் வேறொன்றை மாற்றி வைக்க முடியாது. ஆறாவது போனதும் ஐந்துக்கு அடுத்து ஏழு வந்து நின்றது. முகப்பு மட்டும் எட்டுக் குறிப்புகள் என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பட்டியல் போன கையோடு முதல் கேள்வி வந்தது: 'ஆறாவது எங்க அக்கா?'

கலர் இந்த முறை பொம்மை போடவில்லை. 'அது ஒருத்தரோட சொந்த வேலை. கேக்காம எடுத்துப் போட்டுட்டோம், மன்னிக்கணும். நீங்க என்ன செஞ்சீங்க?' என்று எழுதி மேலே நிற்கும்படி வைத்தாள்.

கீழே ஒரு பதில் விழுந்தது. 'நூலகம் பூட்டிக் கிடக்கும்னு சொன்னேனே, அவன்தான். எங்க தெருவுல நாலு வீட்டு நாய் காணாமப் போச்சு. மூணைக் கண்டுபிடிச்சேன். இதெல்லாம் எழுதலாமா?'

கலர் சல்லடையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சான்னு கேளு," என்றார்.

அவள் ஏற்கெனவே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.