இருபத்துநாலு மணி நேரக் கேன்

சிறுநீரகச் சோதனைக்காக நோயாளிகள் ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரும் கேன்களில் பாதி தப்பாகவே வந்தன. அதனால் விளக்க வீடியோவுக்கு வசனம் எழுதும் வேலை ஆய்வகத்தில் இருந்த அவள் தலையில் விழுந்தது. பெரிய டாக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். விஷயம் தெரியாத ஒருவர் அவள் எழுதிய தாளை மட்டும் படித்து, யார் உதவியும் இல்லாமல் சரியாகச் செய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் டாக்டரே எழுதிய பதினாலு நிமிட உரையைப் படம் பிடிப்பார்கள். அதைக் கேட்டு அவருடைய மனைவியே தூங்கிப்போனாராம்.

அவள் அண்ணனைப் பிடித்தாள். பஸ் கண்டக்டர். டிப்போவில் அவனுக்கு 'சட்டம்' என்று பெயர். எழுதியிருப்பதைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டான்.

விடுமுறை நாள் காலை ஏழு மணிக்கு, தாளில் இருந்தபடி முதல் சிறுநீரைக் கீழே ஊற்றினான், நேரத்தைக் குறித்தான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கேனுக்குப் போனது. கேன் ஃபிரிட்ஜுக்குப் போனது. அண்ணி தக்காளியை எடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஏழு மணி. கடைசிச் சிறுநீரும் கேனில் சேர்ந்தால்தான் கணக்கு முடியும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறை வாசலில் நின்றாள். உள்ளே ஃப்ளஷ் இழுக்கும் சத்தம் கேட்டது.

"போச்சு! ஏண்ணா கீழ ஊத்தின?"

"காலைல முதல் சிறுநீரைக் கொட்டிடுங்கன்னு நீதானே எழுதியிருக்கே? இதுவும் காலைதானே? ஏன் கொட்டணும்னு ஒரு வரி எழுதினா உன் கை தேய்ஞ்சா போயிடும்?"

"நேத்து காலைல கொட்டினது முந்தின ராத்திரி ஊறினது, நம்ம கணக்குல வராது. இன்னிக்கு வந்தது நம்ம இருபத்துநாலு மணி நேரத்துல ஊறினது."

அண்ணன் யோசித்தான். "பழைய ட்ரிப் ஆளுங்களை இறக்கிட்டு வண்டியை எடுக்கணும். ட்ரிப் முடியறப்ப உள்ள இருக்கிற எல்லாரையும் எண்ணணும். இதைச் சொல்ல உனக்கு ரெண்டு பக்கம்!"

அவள் அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டாள். டாக்டருக்கு போன் போட்டு நடந்ததைச் சொல்லிக் கெஞ்சியதில், புதுத் தாளோடு அதே அண்ணன் மறுபடி செய்து காட்ட இன்னும் ஒரு நாள் கிடைத்தது.

"அண்ணா, இன்னொரு தடவை."

"நாளைக்குக் காலைல ஆரம்பிக்கறேன்."

"இப்பவே ஆரம்பிச்சாச்சு. இப்ப கீழ ஊத்தினே இல்ல, அதுதான் புது ட்ரிப்புக்கு ஆள் இறக்கினது. இந்தா புதுக் கேன். மணி ஏழு."

"எனக்கு இன்னிக்கு டூட்டி இருக்கு, அறிவுகெட்டவளே!"

"ஒரு தடவை விட்டாலும் திரும்ப முதல்லேருந்து. கேனை வைக்க ஐஸ் பை தரேன்."

ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் கேனோடு இறங்கிக் கேனோடு ஏறினான். உட்கார இடம் கேட்ட பயணியிடம், "இதுவும் பயணிதாங்க, தள்ளி நில்லுங்க" என்றானாம். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடைசிச் சிறுநீரையும் சேர்த்து மூடி, நேரம் எழுதி, கேனைத் தங்கையின் கையில் வைத்தான். கைப்பிடியில் லக்கேஜ் டிக்கெட் ஒன்று கட்டியிருந்தது.

டாக்டர் கேனைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார்.

"பத்து மணிக்கு கேமரா வருது" என்றார். "உங்க அண்ணனை யூனிஃபார்மோட வரச் சொல்லு."